இரண்டு சேனல், ஒரே கூட்டமா?

யூடியூபில் கொஞ்சம் பேர் வாங்கிவிட்டால் அடுத்து இரண்டாவது சேனல்தான். சமையல் சொல்பவர் வீட்டு விசேஷங்களுக்கென்று ஒன்று தொடங்குவார். சினிமா விமர்சனம் செய்பவர் பழைய படங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்வார். முதல் சேனலின் ஒவ்வொரு வீடியோ முடிவிலும் "நம்ம இன்னொரு சேனலையும் சப்ஸ்கிரைப் பண்ணிக்கோங்க" என்று ஒரு வேண்டுகோள் வரும். இதைத்தான் தொழிலில் கிராஸ் புரொமோஷன் என்கிறார்கள். ஒரு சேனல் கூட்டத்தை இன்னொரு சேனலுக்கு அனுப்பி வைக்கும் வேலை இது.

இந்த வேண்டுகோளால் புதிதாக யாராவது வருகிறார்களா, அல்லது ஏற்கெனவே இரண்டையும் பார்ப்பவர்களிடமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா? இதற்குப் பதில் வேண்டுமானால், இரண்டு சேனலுக்கும் பொதுவானவர்கள் எத்தனை பேர் என்பது தெரிய வேண்டும். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை இதைச் சொல்லாது. ஒன்றுக்கு 10 லட்சம், மற்றொன்றுக்கு 3 லட்சம் என்றால் மொத்தம் 13 லட்சம் பேர் ஆகிவிட மாட்டார்கள். அந்த 3 லட்சத்தில் பாதிப் பேர் முதல் சேனலிலும் இருப்பவர்கள் என்றால், உண்மையில் உள்ள ஆட்கள் பதினொன்றரை லட்சம்தான்.

இந்தக் கேள்வியை முதலில் கையில் எடுத்தவர்கள் டி.வி.க்காரர்கள். பிரிட்டனில் ஜெரால்ட் குட்ஹார்ட் என்ற ஆய்வாளர் 1966-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். திங்கட்கிழமை ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் செவ்வாய்க்கிழமை இன்னொரு நிகழ்ச்சியைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்தபோது, அவருக்கு ஓர் ஒழுங்கு தென்பட்டது. அந்தச் சதவீதம் பெரும்பாலும் இரண்டாவது நிகழ்ச்சி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே இருந்தது. ஊரே பார்க்கிற நிகழ்ச்சி என்றால் எந்த நிகழ்ச்சியின் பார்வையாளரை எடுத்தாலும் அவர்களில் நிறையப் பேர் அதையும் பார்த்திருப்பார்கள். சின்ன நிகழ்ச்சி என்றால் யாரிடமும் பொதுவானவர் குறைவுதான். இரண்டும் ஒரே சேனலில் வருபவையாக இருந்தால் மட்டும் பொதுவானவர்கள் அந்த அளவை விடக் கூடினார்கள். ஆண்ட்ரூ எரன்பர்க்கோடு சேர்ந்து அவர் இதைப் பிறகு விரிவாக நிறுவினார்.

அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தக் கண்டுபிடிப்பில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "என் இரண்டு சேனலுக்கும் 20 சதவீதம் பேர் பொது" என்ற எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. பெரிய சேனல் ஒன்றோடு யாரை ஒப்பிட்டாலும் கொஞ்சம் பேர் பொதுவாக இருக்கத்தான் செய்வார்கள். தற்செயலாகவே இருந்திருக்கக்கூடிய அளவைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி.

டி.வி.க்கு அளப்பது ஒப்பீட்டளவில் சுலபம். இந்தியாவில் பார்க் நிறுவனம் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. நிகழ்ச்சியின் ஒலியோடு கலந்து வரும், காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைப் பிடித்து, எந்த வீட்டில் எந்த சேனல் ஓடுகிறது என்று அது குறித்துக்கொள்ளும். ஒரே வீட்டின் முழுப் பதிவும் கையில் இருப்பதால் இரண்டு சேனலையும் பார்த்தவர்களை நேராகவே எண்ணிவிடலாம். யூடியூபில் அந்தப் பதிவு கூகுளிடம் இருக்கிறது, நம்மிடம் தருவதில்லை. ஸ்டூடியோவில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற மதிப்பீடு கிடைக்கும். உங்கள் பார்வையாளர்கள் வேறு எந்தெந்த சேனல்களைப் பார்க்கிறார்கள் என்ற பட்டியல்கூடச் சில சமயம் வரும், ஆனால் அதில் சதவீதம் இருக்காது. யார் எதற்குச் சப்ஸ்கிரைப் செய்திருக்கிறார் என்பதும் பெரும்பாலோருக்கு மறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது.

வெளியே தெரிகிற ஒரே தடயம் கமெண்ட்தான். கமெண்ட் போடும் ஒவ்வொருவருக்கும் யூடியூபில் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. UC என்று தொடங்கும். பெயரை மாற்றினாலும் அது மாறாது. யூடியூபின் டேட்டா ஏ.பி.ஐ.யில் `commentThreads.list` என்று கேட்டால், ஒரு முறைக்கு 100 கமெண்ட் வரை, ஒவ்வொன்றின் அடியிலும் `authorChannelId` என்று இந்த எண்ணோடு தரும். இலவசமாக ஒரு நாளைக்குக் கிடைக்கும் அளவு நடுத்தர சேனல்களுக்குத் தாராளமாகப் போதும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் ஒரு மாலையில் முடித்துத் தந்துவிடுவார்.

அதற்குப் பிறகு எக்ஸெல் போதும். முதல் சேனலில் கமெண்ட் போட்டவர்களின் எண்களை A நிரையிலும், இரண்டாவதில் போட்டவர்களுடையதை B நிரையிலும் ஒட்டிவிட்டு, இரண்டிலும் ஒரே ஆள் இருமுறை வராதபடி நீக்கிவிட வேண்டும். பிறகு C நிரையில் இதை இட்டுக் கீழே இழுத்து, கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டியதுதான்.

```
=COUNTIF(A:A,B1)
```

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒருவர் மாடித்தோட்ட சேனல் நடத்துகிறார். கூடவே சமையலுக்கு இன்னொன்று. கடந்த மூன்று மாதத்தில் தோட்ட சேனலில் கமெண்ட் போட்டவர்கள் 6,000 பேர். சமையல் சேனலில் 1,500 பேர். இரண்டிலும் இருப்பவர்கள் 600 பேர்.

இதில் சதவீதம் ஒன்றல்ல, இரண்டு. சமையல் பக்கத்திலிருந்து பார்த்தால் 1,500-இல் 600, அதாவது 40 சதவீதம் பேர் தோட்டத்துக்கும் வருபவர்கள். தோட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் 6,000-இல் 600. வெறும் 10 சதவீதம்தான் சமையலுக்குப் போகிறார்கள். பொதுவானவர்களை இரண்டு சேனலின் மொத்த ஆட்களால் வகுத்து ஒரே எண்ணாகத் தரும் முறையும் உண்டு. அப்படிப் பார்த்தால் 6,900-இல் 600, ஏறத்தாழ 9 சதவீதம். அதைக் கேட்பவர் "அடேயப்பா, ரெண்டும் வேற வேற கூட்டம்" என்றுதான் நினைப்பார். சமையல் சேனலின் 1,500 பேரும் தோட்டத்துக்காரர்களாகவே இருந்தாலும் அந்த எண் 25-ஐத் தாண்டாது. அளவில் பெரும் வித்தியாசமுள்ள இரண்டு சேனலுக்கு ஒற்றை எண் சொல்வது, சொல்லாமல் இருப்பதைவிட மோசம்.

சரி, 40 சதவீதம் என்பது அதிகமா குறைவா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். காரணம், பார்ப்பவர்கள் எல்லாரும் கமெண்ட் போடுவதில்லை. நூற்றில் ஒருவர் இருவர் போட்டாலே பெரிது. சமையல் சேனலில் கமெண்ட் போட்ட ஓர் அம்மா தோட்ட வீடியோவையும் தவறாமல் பார்க்கலாம். அங்கே ஒரு வார்த்தைகூட எழுதாமல் இருக்கலாம். நம் கணக்கில் அவர் பொதுவானவர் இல்லை. ஆகவே கமெண்டிலிருந்து வரும் எண் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். எவ்வளவு குறைக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தோட்ட சேனலை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்று மாத வீடியோக்களை வெளியான வரிசையில் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்துவிடுங்கள். ஒற்றைப்படை வீடியோக்களில் கமெண்ட் போட்டவர்களில் எத்தனை பேர் இரட்டைப்படை வீடியோக்களிலும் போட்டிருக்கிறார்கள்? இரண்டும் ஒரே சேனல், ஒரே கூட்டம். பார்ப்பவர் எல்லாரும் எழுதுபவராகவும், எல்லா வீடியோவையும் பார்ப்பவராகவும் இருந்தால் நூறு சதவீதம் வர வேண்டும். நம் கணக்கில் 30 சதவீதம்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த அளவுகோலின் உச்சி 100 அல்ல, 30. ஒரே கூட்டமாகவே இருந்தாலும் காட்டக்கூடியது அவ்வளவுதான்.

தரை எங்கே என்பதும் தெரிய வேண்டும். அதற்கு உறவில்லாத மூன்றாவது சேனல் ஒன்று தேவை. அதுவும் தமிழ்ச் சமையல் சேனலாக, நம்முடையதைப் போன்ற அளவில், ஆனால் வேறொருவர் நடத்துவதாக இருக்க வேண்டும். அதில் கமெண்ட் போட்டவர்களில் 4 சதவீதம் பேர் தோட்டத்தின் இரட்டைப்படை வீடியோக்களிலும் இருந்தார்கள் என்போம். சமையல் பிடித்தவருக்கு மாடியில் நாலு தொட்டி வைக்கவும் பிடிக்கும் என்பதால் தானாகவே அமைகிற பொதுக்கூட்டம் அது. குட்ஹார்ட் சொன்ன தற்செயல் அளவுக்கு ஈடாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் சமையல் சேனலை அதே இரட்டைப்படை வீடியோக்களோடு ஒப்பிடுகிறோம். 25 சதவீதம் வருகிறது. தரை 4, உச்சி 30, நம் சேனல் 25. விஷயம் வெளிச்சமாகிவிட்டது. சமையல் சேனலுக்கென்று தனிக் கூட்டம் கிட்டத்தட்ட இல்லை. தோட்டக்காரர்களில் ஒரு பகுதியினர்தான் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். 40 என்று முதலில் கண்ட எண்ணை வைத்து "60 சதவீதம் புதிய ஆட்கள்" என்று விளம்பரதாரரிடம் சொல்லியிருந்தால் அது பெரிய பொய்யாகியிருக்கும். சொன்னவருக்கே தெரியாத பொய்.

கணக்கைக் கெடுக்கும் சங்கதிகள் சில உண்டு. "கமெண்ட் போட்டால் விதை பாக்கெட் பரிசு" என்று ஒரே ஒரு வீடியோ போட்டிருந்தால் போதும், ஊரில் உள்ளவர்கள் எல்லாம் இரண்டு சேனலிலும் வந்து எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வீடியோவாக எடுத்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றை எடுத்ததும் 25 என்பது 10-க்கு விழுந்தால் குற்றவாளி அதுதான். சேனல்காரரின் சொந்தக் கணக்கையும், எல்லா இடத்திலும் ஒரே வரியை ஒட்டிச் செல்லும் போலிக் கணக்குகளையும் முதலிலேயே நீக்கிவிட வேண்டும். குழந்தைகளுக்கான சேனல் என்றால் இந்த வழியே கிடையாது. குழந்தைகளுக்கானவை என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் 2020 தொடக்கத்திலிருந்து கமெண்ட் பகுதியையே யூடியூப் மூடிவிட்டது.

இனி கிராஸ் புரொமோஷனுக்கு வருவோம். சமையல் வீடியோவில் "நம்ம தோட்ட சேனலையும் பாருங்க" என்று சொல்வதில் பயனில்லை. அவர்கள் அங்கிருந்துதான் வந்திருக்கிறார்கள். இது தெளிவு. தோட்டத்திலிருந்து சமையலுக்கு அனுப்புவதில்தான் யோசிக்க இடம் இருக்கிறது. நூற்றுக்குப் பத்துப் பேர்தான் போகிறார்கள் என்றால் தொண்ணூறு பேர் பாக்கி என்று தோன்றும். எனக்கு இந்த வாதத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தத் தொண்ணூறு பேரும் வேண்டுகோளைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, வேண்டாம் என்று முடிவு செய்தவர்களாக இருக்கலாம். பொதுவானவர் குறைவாக இருப்பது, இன்னும் எட்டவில்லை என்பதையும் காட்டலாம். எட்டியும் பிடிக்கவில்லை என்பதையும் காட்டலாம். எண் இரண்டுக்கும் ஒன்றேதான்.

ஓரளவு பிரித்தறிய முடியும். தோட்டத்தின் 6,000 பேரைப் பழையவர், புதியவர் என்று பிரியுங்கள். ஒரு வருடத்துக்கு முன்பும் கமெண்ட் போட்டவர்கள் 2,000. இந்த மூன்று மாதத்தில்தான் முதன்முதலாக வந்தவர்கள் 4,000 என்போம். பொதுவான 600 பேரில் 450 பேர் பழையவர்கள், 150 பேர் புதியவர்கள். பழையவர்களில் நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாகச் சமையலுக்குப் போயிருக்கிறார்கள். புதியவர்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. பழையவர்கள் வருகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். அங்கே இன்னும் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். புதியவர்களிடம்தான் இடம் இருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் "தக்காளி இலை ஏன் சுருளுது" என்று தேடி வந்து, விடை கிடைத்ததும் கிளம்பிவிடுகிறவர்கள். அவர்களிடம் வத்தக்குழம்பைப் பற்றிப் பேசினால் நிற்பார்களா என்பதைச் செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செய்து பார்ப்பதற்கு ஒழுங்கான முறை நாணயம் சுண்டுவதுதான். அடுத்த 20 தோட்ட வீடியோக்களில் எதில் சமையல் சேனலைப் பற்றிச் சொல்வது, எதில் சொல்லாமல் விடுவது என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்ய வேண்டும். "அறுவடை வீடியோவுக்குப் பொருத்தமா இருக்கும், அதுல சொல்வோம்" என்று நாமே தேர்ந்தெடுத்தால், கூட்டம் வந்தது வீடியோவாலா வேண்டுகோளாலா என்று பிறகு பிரிக்க முடியாது. சொல்கிற வீடியோக்களில் வாய்மொழியாகவும் சொல்லி, கடைசி 20 விநாடியில் வரும் எண்ட் ஸ்கிரீனில் சமையல் வீடியோ ஒன்றையும் வைக்கலாம்.

பலனை எதில் பார்ப்பது? எண்ட் ஸ்கிரீனை எத்தனை பேர் அமுக்கினார்கள் என்பதை ஸ்டூடியோ அழகாக வரைந்து காட்டும். அதை நம்பிப் புளகாங்கிதம் அடைபவர்கள் அதிகம். நம் கணக்கில் ஒரு வீடியோவுக்குச் சராசரி 200 பேர் அமுக்கினார்கள் என்போம். இப்போது சமையல் சேனலின் ஸ்டூடியோவுக்குப் போய், ஒவ்வொரு தோட்ட வீடியோவும் வெளியான அடுத்த மூன்று நாளில் எத்தனை புதிய பார்வையாளர் வந்தார்கள் என்று குறியுங்கள். வேண்டுகோள் இருந்த வீடியோக்களுக்குப் பிறகு 1,150 பேர். இல்லாதவற்றுக்குப் பிறகு 1,100 பேர். வித்தியாசம் 50. அமுக்கிய 200 பேரில் மீதி 150 பேர், ஏற்கெனவே பார்ப்பவர்கள் அல்லது எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள். வழி மாறி வந்தார்கள், அவ்வளவுதான். பொதுவானவர்கள் எவ்வளவு அதிகமோ, அமுக்கிய எண்ணுக்கும் உண்மையான லாபத்துக்கும் உள்ள இந்த இடைவெளி அவ்வளவு பெரிதாகும்.

20 வீடியோ என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. ஒரு வீடியோ திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடினால் சராசரி முழுவதும் சாய்ந்துவிடும். ஆகவே சராசரிக்குப் பதில் நடுவில் நிற்கும் வீடியோவின் எண்ணைப் பார்ப்பது பத்திரம். இரண்டு பக்கத்திலும் எண்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், 50 என்பதும் வெறும் ஆட்டமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு இன்னும் 20 வீடியோவுக்குத் தொடர வேண்டும்.

எல்லா இரண்டாவது சேனலும் புதியவர்களைத் தேடித்தான் தொடங்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு பேசினால் அதுவும் தவறு. பிராடி ஹாரனை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் பிறந்து பிபிசியில் வீடியோ செய்தியாளராக இருந்தவர். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2008-இல் வேதியியலுக்கு ஒரு சேனல் தொடங்கினார். 2011-இல் கணக்குக்கென்று 'நம்பர்ஃபைல்' வந்தது. அதற்குத் துணையாக 'நம்பர்ஃபைல்2' என்றொரு சேனல். முதன்மை வீடியோவில் இடமில்லாமல் போன பேச்சு, கூடுதல் விளக்கம் எல்லாம் அங்கே போகும். 2013-இல் கணினிக்கென்று 'கம்ப்யூட்டர்ஃபைல்' தொடங்கியது. அதைப் படம்பிடித்து நடத்துபவர் ஷான் ரைலி.

நம்பர்ஃபைல்2-க்குப் பொதுவானவர்கள் உச்சியைத் தொட்டால் அது தோல்வி அல்ல. அந்தச் சேனல் இருப்பதே அதற்குத்தான். அங்கே அளக்க வேண்டியது, முதன்மை சேனலின் ஆள் இன்னும் எவ்வளவு நேரம் கூடுதலாக உட்கார்ந்தார் என்பதை. கம்ப்யூட்டர்ஃபைலின் கதை வேறு. பேசுபவர்களும் பொருளும் மாறுகிறார்கள். கணக்கில் ஆர்வமே இல்லாத மென்பொருள்காரர் நேராக அங்கே வந்து சேரலாம். அதன் எண் உச்சியைத் தொட்டால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல், எதிரெதிர் தீர்ப்பு. அளக்கும் முன்பே இரண்டாவது சேனல் எதற்கு என்று எழுதி வைக்காதவர், வந்த எண்ணுக்கு ஏற்றபடி காரணத்தைப் பிறகு சொல்லிக்கொள்வார்.

நம் தோட்டக்காரருக்கு வருவோம். 25-க்கும் 30-க்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளியை வைத்துக்கொண்டு தனிச் சேனல், தனி எடிட்டர், தனிச் செலவு என்று நடத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சமையலைத் தோட்ட சேனலிலேயே ஒரு பிளேலிஸ்ட்டாக வைத்துவிடலாம். இல்லை, சமையல் சேனலைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும் என்றால், தன் தோட்டக்காரர்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டு வேறொரு சமையல்காரரோடு சேர்ந்து வீடியோ செய்யலாம். அதற்கும் முதலில் அந்தச் சேனலோடு இதே கணக்கைப் போட வேண்டும். தரையை ஒட்டி நிற்கும், ஆனால் முற்றிலும் பூஜ்யமாகிவிடாத ஒரு சேனல்தான் நல்ல கூட்டாளி. ஆர்வம் ஒத்துப்போகிறது, ஆட்கள் இன்னும் கலக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

கணக்கை முடித்ததும் ஒன்று செய்துவிடுங்கள். அந்த எக்ஸெல் கோப்பில் இருப்பவை நிஜ மனிதர்களின் அடையாள எண்கள். உங்களுக்கு வேண்டியது சதவீதங்கள் மட்டுமே. அவற்றைக் குறித்துக்கொண்டு கோப்பை அழித்துவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள்.